ஒரு குளிசை, இரண்டு தலைமுறை

வணக்கம் நேயர்களே. ஹட்டன் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பல வருடமாகக் குளிசை எண்ணிக் கொடுத்தவன் நான். அங்கே வந்த ஒரு அக்காவின் கதையை முதலில் சொல்கிறேன்.

கொழுந்து எடுக்கும்போது அவரைக் குளவி கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்து, அரிப்புக்கு 3 நாள் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். குளோர்பெனிரமின், 4 மில்லிகிராம். பிரிட்டோன் என்றால்தான் நம்மவர்களுக்குத் தெரியும். 3 நாள் முடிந்தும் அரிப்பு விடவில்லை. அக்கா தானாகவே கடையில் வாங்கி, காலை, பகல், இரவு என்று தொடர்ந்து போட்டார். ஆறாம் நாள் பெரட்டுக்குப் போய் மலை ஏறியவர், கால் தவறிக் கானுக்குள் விழுந்தார். “தூக்கமெல்லாம் இல்ல தம்பி, நல்லாத்தான் இருந்தேன்” என்றார் என்னிடம்.

அவர் பொய் சொல்லவில்லை. இந்த மருந்தைத் தொடர்ந்து போட்டால் சில நாளில் தூங்கி விழுவது குறையும். ஆனால் கவனமும் கைகால் வேகமும் குறைந்திருப்பது போட்டவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

தூக்கம் எங்கிருந்து வருகிறது? குளவி கொட்டிய இடத்தில் தோலைத் தடிக்க வைத்து அரிக்கச் செய்வது ஹிஸ்டமின் என்ற பொருள். அதே ஹிஸ்டமின் மூளையில் வேறு வேலை பார்க்கிறது. நம்மை விழித்திருக்க வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தோலில் அதை அடக்கும் மருந்து மூளைக்குள்ளும் போனால், அங்கேயும் அதை அடக்கிவிடும். மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் மிக இறுக்கமானது, எல்லாவற்றையும் உள்ளே விடாது. குளோர்பெனிரமின் கொழுப்பில் எளிதாகக் கரையும் சின்ன மூலக்கூறு என்பதால் சுலபமாக நுழைந்துவிடும். ஹிஸ்டமினை அடக்கும் குளிசைகளில் இதுதான் முதல் தலைமுறை.

இரண்டாம் தலைமுறை என்பது செட்டிரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்றவை. இவற்றைப் பெரும்பாலும் அந்தச் சுவர் தடுத்துவிடும். தப்பி நுழைவதையும் சுவரில் உள்ள ஒரு புரதம் பம்பு போல வெளியே தள்ளும். செட்டிரிசின் பிறந்த விதம் வேடிக்கையானது. ஹைட்ரொக்சிசீன் என்ற பழைய, நன்றாகத் தூங்க வைக்கும் மருந்தை நம் உடலே மாற்றிச் செட்டிரிசினாக்குகிறது. சேர்வது ஒரு அமிலப் பகுதிதான், அதோடு மூளைக்குள் போவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குறைகிறதே தவிர, முழுக்க நிற்பதில்லை. செட்டிரிசின் போட்டுத் தூக்கம் வருகிறது என்பவர்கள் உண்டு. ஃபெக்ஸோஃபெனடின் அநேகமாக மூளையைத் தொடுவதே இல்லை, ஆனால் அதைப் பழச்சாறோடு குடித்தால் உடலில் சேர்வது குறையும், தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும்.

சரி, “இரவில மட்டும் பிரிட்டோன் போட்டா பரவாயில்லையா?” என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்களின் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய சுமார் 20 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 6 மணிக்கு முக்கால் பங்கு அளவு இன்னும் உள்ளேதான். அக்காவைப் போல 8 மணி நேரத்துக்கு ஒன்றாகப் போட்டால் பழையது தீருமுன் புதியது சேர்ந்துகொண்டே போய், 4, 5 நாளில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 4 குளிசையின் மருந்து உடலில் நிற்கும். அதோடுதான் அவர் மலை ஏறியிருக்கிறார்.

அக்காவைத் திரும்ப டாக்டரிடம் அனுப்பினேன். அவர் லோரட்டடின் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று என்று மாற்றிக் கொடுத்தார். அரிப்பு அடங்கியது, தலையும் தெளிந்தது. ஒன்று சொல்ல வேண்டும். குளவி கொட்டி மூச்சு இழுத்தாலோ, நாக்கு உதடு வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ எந்தத் தலைமுறைக் குளிசையும் காப்பாற்றாது. அதற்கு அட்ரினலின் ஊசி வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மிச்சக் குளிசை வீட்டில் கிடந்தது. அக்காவின் அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, தடிமன் பிடித்திருந்தது. 2 நாள் அதைப் போட்டார், மூக்கு காய்ந்தது, அப்புறம் சிறுநீர் அடைத்துக்கொண்டது. குழாய் போட்டுத்தான் எடுத்தார்கள். முதல் தலைமுறை ஹிஸ்டமினோடு நிற்பதில்லை, அசெட்டைல்கோலின் என்ற இன்னொரு பொருளையும் தடுக்கும். வாய் காய்வது, மலம் இறுகுவது, கண் மங்குவது, வயதானவர்கள் தடுமாறிப் பேசுவது எல்லாம் அதனால்தான். புரோஸ்டேட் சுரப்பி வீங்கியவருக்குச் சிறுநீர்ப்பை சரியாகச் சுருங்காமல் சிறுநீரும் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த தடிமனுக்கு அவர் மகளின் லோரட்டடினை எடுத்துப் போட்டுவிட்டு, “இது வேலை செய்யாத குளிசை, மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு” என்று கடைக்கே வந்து திட்டினார். அவர் பார்த்தது சரிதான். தடிமனில் முன்பு மூக்கைக் காய வைத்தது பெரும்பாலும் அந்த அசெட்டைல்கோலின் தடுப்புதான். லோரட்டடினில் அது அநேகமாகக் கிடையாது. மூக்கு ஒழுகும், சிறுநீரும் போகும்.