பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்

நேயர்களுக்கு வணக்கம்.

விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். கிளம்புவதற்குச் சற்று முன்னால், பளிச்சென்ற மேல்சட்டை போட்ட ஒருவர் கையில் டார்ச்சோடு சக்கரத்துக்கு அருகே குனிவார், இன்ஜின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பார், பிறகு படியேறி விமானி அறைக்குப் போவார். அங்கே ஒரு பதிவேடு இருக்கும். டெக்னிக்கல் லாக் என்பார்கள். அதில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் நகரும். விமானத் துறை வேலை என்றாலே பைலட் என்று நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கையெழுத்தைப் பற்றித்தான். போடுகிறவர் விமானப் பராமரிப்புப் பொறியாளர். சுருக்கமாக ஏ.எம்.இ.

பெற்றோர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங் பட்டம் வேறு, இந்த உரிமம் வேறு. பட்டம் விமானத்தை வடிவமைக்கக் கற்றுத் தருகிறது. எவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாலும் அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு டெக்னிக்கல் லாகில் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் உரிமம் வேண்டும். சர்வதேச விதிப்படி குறைந்தது 18 வயது, நான்கு வருடப் பணி அனுபவம். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியை முடித்தவர்களுக்கு அனுபவம் இரண்டு வருடம் போதும். எந்திரம், உடற்பகுதி ஒரு பிரிவு. மின்னணுக் கருவிகள் இன்னொரு பிரிவு. உரிமம் வந்த பிறகும் பெரிய விமானங்களில் எந்த ரகத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்களோ, அந்த ரகத்துக்குத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு உண்டு. அதன் பிறகு நிறுவனம் தன் பங்குக்கு அனுமதி தர வேண்டும். பட்டமா உரிமமா என்று மகனோ மகளோ கேட்டால், வரையப் பிடிக்கிறதா, கையால் கழற்றி மாட்டப் பிடிக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

இந்த வேலையில் கைத்திறமை முக்கியம்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதைப் புரிய வைக்க ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸின் பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானம் ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பியது. ஏறக்குறைய 17,300 அடி உயரத்தில், கேப்டன் பக்கத்து முன் கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு வெளியே போனது. கேப்டனும் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். கேபின் பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி விமானத்தை சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

அந்தக் கண்ணாடி பழையது இல்லை. 27 மணி நேரத்துக்கு முன்னால்தான் புதிதாக மாட்டியிருந்தார்கள். பிறகு ஏன் பிய்ந்தது?

போல்ட். கண்ணாடியைப் பிடித்திருந்தவை 90 போல்ட்டுகள். அவற்றில் 84 தேவையானதைவிட ஒல்லியானவை. மீதி ஆறு, பருமன் சரி, நீளம் குறைவு. எவ்வளவு ஒல்லி என்றால் 0.66 மில்லிமீட்டர். இருக்க வேண்டியது ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர், மாட்டியது 4.2-க்கும் குறைவு. கையில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது.

இது எப்படி நடந்தது என்பதுதான் முக்கியம், நிதானமாகக் கேளுங்கள். இரவு ஷிப்ட். ஆள் பற்றாக்குறை. ஷிப்டுக்குப் பொறுப்பான மேலாளரே, அனுபவசாலி, தனியாக அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பழைய கண்ணாடியிலிருந்து கழற்றிய போல்ட்டை எடுத்துப் பார்த்தார். அது 7டி என்ற ரகம். அதே மாதிரி வேண்டும் என்று கிடங்குக்குப் போனார். அங்கே இருந்தவர், இந்த வேலைக்கு 8டி அல்லவா போடுவார்கள் என்று சொல்லவும் செய்தார். அவர் சொன்னதுதான் சரி. ஆனால் கழற்றியது 7டி ஆயிற்றே, இதுவரை பிடித்துத்தானே இருந்தது என்று இவர் நினைத்தார். அதாவது, பழைய போல்ட்டே தவறானது. நீளம் இரண்டரை மில்லிமீட்டர் குறைவு. எப்படியோ தாக்குப்பிடித்திருந்தது.

கிடங்கில் 7டி போதுமான அளவு இல்லை. விமான நிலையத்தின் இன்னொரு பகுதியில், ஆள் இல்லாத, வெளிச்சம் குறைந்த இடத்தில் இருந்த அலமாரிக்குப் போனார். பழைய போல்ட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டு எடுத்துவந்தார். அவர் எடுத்தது 8சி. எண் நீளத்தைக் குறிக்கும், எழுத்து பருமனைக் குறிக்கும். டி இருக்க வேண்டிய இடத்தில் சி.

ஒல்லியான போல்ட்டை முடுக்கும்போதே தெரியாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு ரகத்துக்கும் மரையின் நெருக்கம் ஒன்றுதான், அங்குலத்துக்கு 32. அதனால் ஓரளவுக்கு உள்ளே ஏறிவிட்டது. குறிப்பிட்ட இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று விட்டுவிடும் ஸ்க்ரூடிரைவரைப் பயன்படுத்தினார். மரை வழுக்கும்போதும் கையில் கிட்டத்தட்ட அதே உணர்வுதான் வரும். சரியாக இறுகியது என்று எடுத்துக்கொண்டார். போல்ட் தலை குழியில் வழக்கத்தைவிட ஆழமாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும். ஆனால் நின்ற மேடை சரியான இடத்தில் இல்லை. எட்டி எட்டி வேலை செய்ததில் அவர் கையே போல்ட் தலையை மறைத்தது.

இன்னொன்றும் இருக்கிறது. பல விமானங்களில் கண்ணாடியை உள்ளிருந்து பொருத்துவார்கள். உயரே போகும்போது உள்காற்றின் அழுத்தம் அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். இந்த விமானத்தில் வெளியிலிருந்து பொருத்துவது. அழுத்தம் முழுவதும் போல்ட் மீதுதான்.

இப்போது அந்த 'அதைவிட முக்கியமான ஒன்று' என்னவென்று சொல்லிவிடலாம். உதிரிபாகப் பட்டியல் புத்தகம் ஒன்று உண்டு. எந்த இடத்துக்கு எந்த எண் போல்ட் என்று அதில் இருக்கும். திறந்து பார்த்திருந்தால் 8டி என்று தெரிந்திருக்கும். கழற்றிய பாகத்தைப் பார்த்துப் புதிய பாகத்தை எடுக்கக் கூடாது, புத்தகத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், கழற்றியதைப் பார்த்து அல்ல, புத்தகத்தைப் பார்த்து. ஞாபகசக்தியில் பெருமைப்படுகிற பிள்ளைகள் இந்த வேலைக்கு வரும்போது அந்தப் பெருமையை வெளியே விட்டுவிட வேண்டும். நூறாவது தடவை செய்கிற வேலைக்கும் புத்தகத்தை விரித்து வைக்கச் சலிக்காதவர்தான் இங்கே நல்ல பொறியாளர்.

இரண்டாவது கண் என்ற ஏற்பாடும் உண்டு. விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாடுகள் போன்ற சில வேலைகளை ஒருவர் செய்தால், இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும். கண்ணாடி அன்றைக்கு அந்தப் பட்டியலில் இல்லை. செய்தவரும் அவரே, சரி என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. என் கருத்தில் அந்தச் சம்பவத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. வேறு யாராவது ஒருவர் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் போதும், அந்தப் பள்ளங்கள் தெரிந்திருக்கும்.

இதே இரண்டாவது சரிபார்ப்பு வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் வேலையிலும் இருக்கிறது. இங்கே கண் இல்லை, காது. கட்டுப்பாட்டாளர் உயரத்தையோ ஓடுபாதை எண்ணையோ சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னதைக் கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்க வேண்டும். பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் பாதிதான் கடினம். என்ன கேட்கப் போகிறோம் என்று நமக்கு முன்பே தெரியும் அல்லவா, அதனால் தவறாகச் சொன்னதும் சரியாகவே காதில் விழும்.

1989 பிப்ரவரி 19-ஆம் தேதி கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது ஒரு சரக்கு 747. 2,400 அடிக்கு இறங்கலாம் என்று ஆங்கிலத்தில் ஒவ்வொரு இலக்கமாக உத்தரவு வந்தது: "டூ ஃபோர் ஸீரோ ஸீரோ". விமானிகள் காதில் முதல் 'டூ', ஆங்கிலத்தில் 'வரை' என்று பொருள் தரும் 'டு' என்று விழுந்தது. 400 அடிக்கு என்று புரிந்துகொண்டு, "ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைக் கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. விமானத்துக்குள் தரையை நெருங்குகிறோம் என்று எச்சரிக்கை ஒலித்தும் விமானிகள் மேலே எழவில்லை. மலையில் மோதியது. இருந்த நால்வரும் இறந்தார்கள். இரண்டாயிரத்து நானூறு அடி என்று முழு எண்ணாகச் சொல்வதுதான் முறை. அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

அதனால்தான் இந்த வேலைக்குத் தேர்வாகிறவர்களிடம் ஆங்கில இலக்கணத்தோடு தெளிவான உச்சரிப்பையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் சோதிக்கிறார்கள். சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை வேண்டும். அதிலேயே இருப்பவர்களுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுதேர்வு. குறைந்தது 21 வயது, மருத்துவத் தகுதி, குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையில் நிஜப் போக்குவரத்தைக் கையாளுதல். கோபுரத்துக்கு வேறு தகுதி, ரேடாரில் வழிநடத்துவதற்கு வேறு தகுதி. ஆறு மாதத்துக்கு மேல் அந்த இருக்கையில் உட்காராமல் இருந்தால் அந்தத் தகுதி செல்லாது.

தரைப்பணிகளைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். எனவே ஒன்றை மட்டும். சாமான் ஏற்றும் வண்டி, படிக்கட்டு, உணவு வண்டி எல்லாம் விமானத்தை உரசியபடி நிற்கின்றன. அலுமினிய உடலில் இடித்தால் பள்ளம் விழும், கண்ணுக்குத் தெரியும். இன்றைய கார்பன் இழை உடலில் மேலே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அங்கே இடித்தது ஒருவருக்குத்தான் தெரியும், வண்டி ஓட்டினவருக்கு. அவர் உடனே சொன்னால் பொறியாளர் அந்த இடத்தைச் சோதிப்பார், விமானம் தாமதமாகும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் அடுத்து அந்த இடத்தைத் தேடிப் பார்க்க யாருக்கும் காரணமே இருக்காது. தரைப்பணிக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போகிறவர்கள், இடித்ததை ஓட்டுநரே வந்து சொன்னால் இங்கே என்ன நடவடிக்கை எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தண்டனை என்று பதில் வந்தால், அந்த இடத்தில் சேருவதற்கு முன் யோசியுங்கள். நன்றி, வணக்கம்.