தட்டில் தண்ணீர், வேரில் வறட்சி

நேயர்களுக்கு வணக்கம். பால்கனியில் தொட்டிச்செடி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் தண்ணீர் ஊற்றுவதை எப்போது நிறுத்துகிறார்கள்? அடித்தட்டில் தண்ணீர் தெரிந்ததும். ‘கீழே வந்துவிட்டது, மண் முழுக்க நனைந்துவிட்டது’ என்று ஒரு நம்பிக்கை. காய்ந்துபோன தொட்டியில் இந்தக் கணக்கு தப்பாகிவிடும்.

தொட்டிக் கலவையில் மண்ணோடு தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும் இருக்கும். இந்தக் கலவை நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழும், உற்றுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். போதாததற்கு, ஒரேயடியாகக் காய்ந்த கலவை தண்ணீரைச் சட்டென்று உள்ளே வாங்காது. நீங்கள் ஊற்றுவது மேலேயே ஓடி, அந்த இடைவெளி வழியாக இறங்கி, அடித்துளையில் வெளியே வந்துவிடும். வேர்கள் இருக்கும் நடுப்பகுதி காய்ந்தபடியே கிடக்கும்.

12 அங்குலத் தொட்டியில் ஒரு தக்காளிச் செடி என்று வைத்துக்கொள்வோம். தினமும் மாலையில் ஒரு லிட்டர் ஊற்றுகிறார்கள். ஆனாலும் காலையில் பார்த்தால் இலை தொங்குகிறது. உச்சி வெயிலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெறும் வெயிலின் வேலை, பயமில்லை. விடிந்த பிறகும் தொங்கினால் வேரில்தான் ஏதோ கோளாறு. ஈரம் ஒரு நாள் கிடைத்து ஒரு நாள் கிடைக்காமல் போவதால், காய்களின் அடிப்பகுதி கறுத்துக் குழிவதும் உண்டு.

இங்கேதான் அவசரம் கூடாது. தண்ணீர் மிஞ்சி வேர் அழுகினாலும் இலை இப்படியேதான் தொங்கும். விளிம்பில் விரலை விட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும், ஏனென்றால் தண்ணீர் ஓடிய இடம் அதுதான். ஒரு மெல்லிய மரக்குச்சியைத் தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். குச்சி நிறம் மாறி, மண் ஒட்டியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம். ஒன்றும் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருக்கும்.

இப்போது வைத்தியம். தூக்க முடிகிற தொட்டியானால், ஓர் அகலமான டப்பில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி அதற்குள் உட்கார வையுங்கள். அடித்துளை வழியாகத் தண்ணீர் மெல்ல மேலேறும், உள்ளே அடைந்திருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறும். குமிழ் நின்று, மேல்மண் கறுத்ததும் எடுத்துவிடலாம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், வேருக்குக் காற்றும் வேண்டும். வெளியே எடுத்து நன்றாக வடியவிட்டு, பிறகு பழைய இடத்தில் வையுங்கள்.

கனமான தொட்டி என்றால் இருந்த இடத்திலேயே செய்யலாம். முதலில் விளிம்பு இடைவெளியைக் கொஞ்சம் கலவை போட்டு விரலால் அழுத்தி மூடுங்கள். தண்டை விட்டுத் தள்ளி, குச்சியால் ஐந்தாறு துளைகள் போடுங்கள். பிறகு பூவாளியால், நடுப்பகுதியில், அரை லிட்டர் மட்டும் மெதுவாக ஊற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். மேல்மண் பதமானதும் இன்னோர் அரை லிட்டர், மறுபடியும் காத்திருப்பு. மூன்றாம் முறை, அடியில் சொட்டும் வரை. முதல் தவணை மண்ணைப் பதப்படுத்தத்தான், செடிக்கான தண்ணீர் அடுத்த தவணைகளில்தான் போகிறது. 12 அங்குலத் தொட்டி முழுக்க நனைய இரண்டு லிட்டருக்கு மேல்கூடப் பிடிக்கலாம். தட்டில் வடிந்த தண்ணீரை அன்று மட்டும் அரை மணி நேரம் விட்டுவைத்தால், கலவை அதிலிருந்தும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

அதன் பிறகு தினம் ஒரு லிட்டர் என்ற வழக்கம் வேண்டாம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் இரண்டு தவணையாக, அடியில் சொட்டும் வரை ஊற்றுங்கள். வெயில் காலத்தில் அது தினமும் வரலாம், மழைக்காலத்தில் நான்கு நாளுக்கு ஒருமுறைகூட வரலாம். மண் தொட்டி சுவர் வழியாகவும் ஈரத்தை இழப்பதால், பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சீக்கிரம் காயும்.

இவ்வளவும் செய்து, ஒரே நாளில் மறுபடி செடி வாடினால், அடித்துளையைப் பாருங்கள். வேர் வெளியே எட்டிப் பார்த்தால் தொட்டிக்குள் மண்ணைவிட வேர்தான் அதிகம், தண்ணீர் தங்க இடமில்லை. அந்தச் செடியைப் பெரிய தொட்டிக்கு மாற்றத்தான் வேண்டும்.