முப்படி வளைவில் ஒரே ஒரு திருப்பம்? நடக்கவே நடக்காது!

[திரையில்: y = x³ − 3x² + 2.9x]

இந்த வளைவு எத்தனை இடத்தில் திரும்புகிறது? வீடியோவை நிறுத்திப் பார்த்துச் சொல்லுங்கள். "திரும்பவே இல்லை, ஏறிக்கொண்டே போகிறது" என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வீர்கள். தப்பு. இரண்டு இடத்தில் திரும்புகிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடலாம். ax³ + bx² + cx + d என்பதை வகையிட்டால் 3ax² + 2bx + c. இது இருபடி, இதன் தன்மைக்காட்டி 4b² − 12ac. நான்கைத் தூக்கிப் போட்டால் b² − 3ac, அவ்வளவுதான். இது நேர் எண்ணாக இருந்தால் இரண்டு திருப்பம், குறை எண்ணாக இருந்தால் ஒன்றுமில்லை.

பூஜ்யமாக இருந்தால்? "ஒரு தீர்வு வருகிறது, அதனால் ஒரு திருப்பம்" என்று எழுதத்தான் கை பரபரக்கும். இங்கேதான் மார்க் போகிறது!

[திரையில்: 2.9 என்பது 3 ஆகிறது]

இப்போது வகைக்கெழு 3x² − 6x + 3, அதாவது 3(x − 1)². x = 1-இல் இது பூஜ்யம்தான், ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் நேர் எண். வளைவு திரும்ப வேண்டுமென்றால் சாய்வின் குறி மாறியாக வேண்டும், இங்கே மாறவில்லை. மலைச்சாலையில் ஏறுகிற பஸ் ஒரு நொடி சமதரையைத் தொட்டுவிட்டு மறுபடியும் ஏறுகிற மாதிரி, இறக்கம் என்பதே கிடையாது. ஆக திருப்பங்கள் பூஜ்யம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பாருங்கள். 2.9-க்குப் பதில் 2 போட்டால் திருப்பங்கள் x = 0.42, 1.58 பக்கத்தில் இருக்கும். 2.9 என்றால் 0.82, 1.18. 2.99 என்றால் 0.94, 1.06. இரண்டும் நெருங்கி நெருங்கி வந்து, 3-ஐத் தொட்டதும் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்தே காணாமல் போகின்றன. ஒன்று மட்டும் தப்பிப் பிழைக்க வழியே இல்லை! 2.9-இல் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் வெறும் 0.024 தான், அதனால்தான் திரையில் உங்கள் கண் ஏமாந்தது. b² − 3ac ஏமாறாது: 9 − 8.7 = 0.3, நேர் எண்.

அப்புறம் இன்னொரு குழப்பம். இந்தத் தன்மைக்காட்டி திருப்பங்களைத்தான் சொல்லும், மூலங்களை அல்ல. x³ − 3x² + 2x-க்கு மூன்று மெய் மூலங்கள். அதோடு 100-ஐக் கூட்டினால் ஒன்றே ஒன்றுதான். திருப்பங்களோ இரண்டிலும் இரண்டுதான், d-தான் வகையிடும்போதே மறைந்துவிடுகிறதே.

சரி, உங்களுக்கு ஒரு கணக்கு: x³ + kx² + 3x-க்கு இரண்டு திருப்பங்கள் இருக்க k என்னவாக இருக்க வேண்டும்? கமென்டில் போடுங்கள். k > 3 என்று மட்டும் எழுதினால் பாதி மார்க்தான்.