வேலை தேடியவரும் வேலைத் தேடியவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் ‘வேலை தேடினார்’ என்று எழுதினால் அவருக்குச் சம்பளம் வேண்டும். ‘வேலைத் தேடினார்’ என்று எழுதினால் அவருக்கு வேண்டியது வேல். நடுவில் வரும் ஒரு தகர ஒற்றுதான் அவரை அலுவலக வாசலிலிருந்து போர்க்களத்துக்கு அனுப்பிவிடுகிறது. முருகப்பெருமான் தம் வேலைக் காணாமல் தேடினார் என்றால் அந்த ஒற்று சரி. வேறு யாருக்கும் அது பிழை. ஆனாலும் ‘வேலைத் தேடும் இளைஞர்கள்’ என்ற தொடர் அச்சில் அடிக்கடி கண்ணில் படுகிறது. எழுதியவர் ஒற்றை மறந்துவிடவில்லை; போட்டால் பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டுவிட்டார். இந்தப் பிழை எனக்கு மற்றதைவிடச் சுவையாகத் தோன்றுகிறது.

ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் க, ச, த, ப வரிசை எழுத்தில் தொடங்கும்போது அதே வல்லினம் இடையில் இரட்டிப்பதை வல்லினம் மிகுதல் என்கிறோம். ட, ற இரண்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. ஆகவே நமக்குக் கவலை அந்த நான்கு எழுத்துகளைப் பற்றித்தான். பள்ளிப் புத்தகங்களில் ‘மிகும் இடங்கள்’, ‘மிகா இடங்கள்’ என்று இரண்டு நீண்ட பட்டியல்கள் இருக்கும். தேர்வு முடிந்த மறுநாள் அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இன்று அந்தப் பட்டியல் முழுவதையும் நான் சொல்லப் போவதில்லை. எந்த உருபும் ஏற்காத வெறும் பெயர்ச்சொல் ஒன்று முன்னால் நிற்கிறது, அடுத்து ஒரு வல்லினச் சொல் வருகிறது. அங்கே என்ன செய்வது? பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இது.

நன்னூலில் பவணந்தி முனிவர் தரும் பொது விதி சுருக்கமானது. உயிரில் முடியும் சொல்லின் முன் க, ச, த, ப வந்தால் மிகும். தனியாக வேறு விதி சொல்லப்பட்ட இடங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. மிகுதல்தான் பொதுநிலை என்றால், எங்கே மிகக்கூடாது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

முதலில் வேலை தேடியவரிடமே திரும்புவோம். அவர் எதைத் தேடினார்? வேலையை. இங்கே ‘ஐ’ என்ற இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக இருந்தால் ஒற்று கட்டாயம்: வேலையைத் தேடினார். அந்த உருபை எடுத்துவிட்டால் ஒற்றும் கூடவே போய்விடும்: வேலை தேடினார். கதையைச் சொன்னார், கதை சொன்னார். துணியைத் துவைத்தார், துணி துவைத்தார். பூவைப் பறித்தாள், பூ பறித்தாள். ஐ மறைந்து நிற்கும் பெயருக்கு அடுத்து வினைச்சொல் வந்தால் மிகாது.

இந்த விதி ஏன் தேவைப்படுகிறது என்பதை ‘வாளை’ என்ற சொல் நன்றாகக் காட்டும். வாளை என்பது ஒரு மீன். வாள் என்பதோடு ஐ சேர்ந்தாலும் வாளை என்றே வரும். நான் சொல்வதைக் காதால் கேளுங்கள்: வாளை பிடித்தார். வாளைப் பிடித்தார். முதலாமவர் மீனவர், இரண்டாமவர் வீரர். இரண்டாவது தொடரைச் சொல்லும்போது என் உதடுகள் ஒரு கணம் கூடுதலாக மூடியிருந்து பிறகு திறக்கின்றன. அந்தக் கூடுதல் கணம்தான் எழுத்தில் பகர ஒற்றாக வந்து நிற்கிறது. எனவே ஐயம் வரும்போது தொடரை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் செவி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பேச்சில் நாம் சொல்லாத தொடர்களில் செவிக்கு முன்பழக்கம் இருக்காது. ‘அங்குச் சென்றார்’ என்பது விதிப்படி சரி; பலருடைய காதுக்கு அது இன்னும் ஒட்டவில்லை.

இனி, அடுத்து வரும் சொல் வினையாக இல்லாமல் பெயராக இருந்தால்? அப்போது பெரும்பாலும் மிகும். கதை சொன்னார், ஆனால் கதைப் புத்தகம். துணி துவைத்தார்; ஆனால் துணிப் பை. ‘பொய் சொல்’ என்றால் யாரையோ பொய் சொல்லும்படி ஏவுகிறோம். ‘பொய்ச்சொல்’ என்றால் அது ஒரு பெயர், பொய்யாகிய சொல். முதலாவதில் ‘சொல்’ வினை, இரண்டாவதில் அதே ‘சொல்’ பெயர். ‘கை பிடி’ என்றால் கையைப் பிடிக்கச் சொல்கிறோம். ‘கைப்பிடி’ கதவில் இருப்பது.

இந்தக் கையையே கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம். கைத்தடி என்றால் கையில் பிடிக்கும் தடி. கைக்குழந்தை, கையில் வைத்திருக்கும் குழந்தை. கைத்தறி, கையால் இயக்கும் தறி. விரித்துச் சொல்லும்போது ‘இல்’, ‘ஆல்’ போன்ற உருபுகளும் ‘பிடிக்கும்’, ‘இயக்கும்’ போன்ற சொற்களும் வெளிவருகின்றன. இத்தனையும் இடையில் மறைந்திருப்பதால் ஒற்று வருகிறது. இப்போது ‘கைதட்டல்’ என்பதைப் பாருங்கள். தட்டல் என்பது பெயர்தான். பிறகு ஏன் மிகவில்லை? விரித்தால் ‘கையைத் தட்டுதல்’ என்று வருகிறது. தட்டல் பெயராக வேடம் போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது தட்டு என்ற வினை. கை அதன் செயப்படுபொருள். ஆகவே வேலை தேடியவருக்குச் சொன்ன விதியே இங்கும் செல்லும்.

வழிகாட்டி, வழிப்போக்கர் என்ற இரண்டையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் முதல் சொல் வழி. இரண்டிலும் அடுத்த சொல் வினையிலிருந்து பிறந்த பெயர். ஒன்றில் ஒற்று இல்லை, மற்றதில் இருக்கிறது. வழியைக் காட்டுபவர் வழிகாட்டி. வழியில் போகிறவர் வழிப்போக்கர். ‘ஐ’ போட்டு விரிகிறதா, வேறு உருபு போட்டு விரிகிறதா என்பதுதான் சோதனை. எனக்குத் தெரிந்தவரை, பட்டியல் மனப்பாடத்தைவிட இந்த ஒரு சோதனை அதிகப் பிழைகளைத் தடுக்கிறது.

வழக்கு எப்போதும் இந்தச் சோதனைக்குப் பணிந்துவிடுகிறது என்று சொல்ல முடியாது. பூச்சியைக் கொல்வது, விதிப்படி, பூச்சிகொல்லி. ஆனால் பெரும்பாலும் பூச்சிக்கொல்லி என்றே அச்சாகிறது. தொலைபேசியில் ஒற்று இல்லை, தொலைக்காட்சியில் இருக்கிறது. கையில் வைத்திருக்கும் பேசியைக் கைபேசி என்று ஒரு சாராரும் கைப்பேசி என்று ஒரு சாராரும் எழுதுகிறார்கள். கைத்தடிக்கு ஒற்று உண்டென்றால் கைப்பேசிக்கும் உண்டு என்பது என் கட்சி. மற்றபடி ஊன்றிவிட்ட சொற்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. ஒரே கட்டுரையில் இரண்டு விதமாக எழுதாமல் இருந்தால் போதும்.

பெயரோடு பெயர் சேரும்போது மிகாத வகை இன்னும் இரண்டு உண்டு. இரண்டு சொற்களுக்கும் நடுவில் ‘உம்’ மறைந்திருந்தால் மிகாது: செடியும் கொடியும் செடிகொடி, தாயும் தந்தையும் தாய்தந்தை. மற்றொன்று வினைத்தொகை. முதல் சொல்லைப் பார்த்தால் பெயர்போலத் தோன்றும். ஆனால் அது வினையின் பகுதி. வளர்ந்த பிறை, வளர்கின்ற பிறை, வளரும் பிறை என்று மூன்று காலத்துக்கும் விரிவதால் அது வளர்பிறை. சுடுகாடு, குடிதண்ணீர் இரண்டும் அப்படியே. குடித்தண்ணீர் என்று எழுதியவர் குடி என்பதைக் குடும்பம் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

இப்போது ஒற்றே போடாத ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் இணைப்பாகப் பார்ப்போம். “இந்த புத்தகத்தை படித்து பார்த்த பையன் கதை சொல்ல தொடங்கி கேள்வி கேட்டு கொண்டே போனான்.”

‘இந்த’ என்ற சுட்டுக்குப் பின் மிகும்: இந்தப் புத்தகத்தை. அடுத்தது ஐ வெளிப்படையாக இருக்கிறது: புத்தகத்தைப் படித்து. அடுத்து ‘படித்து’ என்ற வினையெச்சம். இங்கே இறுதி உகரத்துக்கு முந்திய எழுத்தைக் கேட்க வேண்டும்: படித்து, த்-து, முன்னால் இருப்பது வல்லின ஒற்று. ஆகவே மிகும்: படித்துப் பார்த்த. ‘வந்து’ என்பதில் அந்த இடத்தில் மெல்லினமும், ‘செய்து’ என்பதில் இடையினமும் இருக்கின்றன. அதனால் வந்து பார்த்தான், செய்து பார்த்தான் என்று ஒற்றின்றி எழுதுகிறோம்.

பார்த்த பையன் என்பதில் ‘பார்த்த’ பெயரெச்சம், மிகாது. அகரத்தில் முடிகிறதே என்று இங்கே ஒற்றுப் போட்டுவிடக் கூடாது. பையன் என்ற சொல் னகர மெய்யில் முடிகிறது, எனவே பையனுக்கும் கதைக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. கதை சொல்ல என்பது வேலை தேடியவரின் உறவினர்: ஐ மறைந்திருக்கிறது, வினை பின்தொடர்கிறது, மிகாது. ‘சொல்ல’ என்பதும் அகரத்தில்தான் முடிகிறது. ஆனால் இது வினையெச்சம். அதனால் மிகும்: சொல்லத் தொடங்கி. ஒரே வாக்கியத்தில் ‘பார்த்த’, ‘சொல்ல’ இரண்டும் அகரத்தில் முடிந்து எதிரெதிராக நடந்துகொள்கின்றன. முன்னது பையன் என்ற பெயரைத் தழுவுகிறது, பின்னது தொடங்கி என்ற வினையைத் தழுவுகிறது.

இகரத்தில் முடியும் வினையெச்சமும் மிகும்: தொடங்கிக் கேள்வி. கேள்வி கேட்டு என்பதில் மறுபடியும் மறைந்த ஐ, மிகாது. ‘கேட்டு’ என்பதில் உகரத்துக்கு முன் வல்லின ஒற்று. மிகும்: கேட்டுக் கொண்டே. கடைசியில் ‘கொண்டே’ என்ற ஏகார ஈற்றுக்குப் பின் மிகாது: கொண்டே போனான்.

திருத்திய வாக்கியம் இது: “இந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்த்த பையன் கதை சொல்லத் தொடங்கிக் கேள்வி கேட்டுக் கொண்டே போனான்.”

இதில் ‘கதை சொல்ல’, ‘கேள்வி கேட்டு’ என்ற இரண்டும் சுற்றிலும் ஒற்று நிற்கும்போது ஒற்றில்லாமல் நிற்கின்றன. மெய்ப்புப் பார்ப்பவரின் பேனா பழக்கவேகத்தில் அங்கேயும் ஒரு ஒற்றைச் செருகப் பார்க்கும். ‘கேள்விக் கேட்டு’ என்று அச்சில் வருவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, கேள்வியைக் கேட்டு என்று ஒரு முறை விரித்துப் பாருங்கள். வணக்கம்.