பப்பாளி இலைச் சாறும் பிளேட்லெட் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்து நாலு மழை பெய்துவிட்டால், எங்கள் பக்கம் டெங்கு வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதில்லை. மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற வழியில் வீட்டுக் கொல்லைகளை எட்டிப் பார்த்தால் போதும். பப்பாளி மரங்கள் உச்சியில் நாலே நாலு குருத்து இலையோடு மொட்டையாக நிற்கும். எந்தத் தெருவில் மரம் மொட்டையோ, அந்தத் தெருவில் காய்ச்சல்.

அந்த இலையை இடித்துப் பிழிந்து குடித்தால் பிளேட்லெட், அதாவது ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள், ஏறுமா என்று கேட்காத குடும்பம் இல்லை. ஒரே சொல்லில் பதில் சொல்வதைவிட, நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முப்பத்து நாலு வயது. டிராக்டர் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குளிரோடு காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு முறிகிற மாதிரி வலி. செவ்வாய்க்கிழமை எடுத்த ரத்தத்தில் டெங்கு என்று உறுதியானது. அன்றைக்கு பிளேட்லெட் 1,40,000. அதே ரிப்போர்ட்டில் இன்னொரு எண் இருந்தது, பிசிவி 40. இந்த பிசிவியை நினைவில் வையுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

பாராசிட்டமால் மட்டும் போதும், வேறு வலி மாத்திரையோ ஊசியோ வேண்டாம், கஞ்சி, மோர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று குடித்துக்கொண்டே இருங்கள், தினமும் ரத்தம் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் ஊரிலேயே எடுத்த ரத்தத்தில் பிளேட்லெட் 62,000. உடனே கொல்லைக்கு ஓடி இலை பறித்து, மிக்ஸியில் அடித்து, மத்தியானம் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார்கள். அவர் மூன்று தடவை வாந்தி எடுத்தார். வயிறு வலிக்கிறது என்றார். ‘சாறு கசப்பு, அதான் புரட்டுது’ என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை என்னிடம் வந்தபோது கை கால் சில்லிட்டிருந்தது. முந்தைய நாள் சாயங்காலத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை. ரத்த அழுத்தம் 98க்கு 82. மேல் எண்ணைப் பார்த்துச் சுமார்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் 16தான் இடைவெளி. அது 20க்குள் சுருங்கினால் டெங்கு அதிர்ச்சி நிலை என்று பொருள். மனிதர் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார், உள்ளே ரத்த ஓட்டம் சரிந்துகொண்டிருக்கும்.

பிளேட்லெட் 28,000. பிசிவி 51. சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த வியாழக்கிழமை ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் பிசிவி 46 என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை. பிளேட்லெட் எண்ணை மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள்.

பிசிவி என்பது நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்கிற கணக்கு. டெங்குவில் சிலருக்கு ரத்தக் குழாய்களின் சுவர் கசிய ஆரம்பிக்கும். சிவப்பணு வெளியே போகாது. அதைச் சுமக்கிற நீர், அதாவது பிளாஸ்மா, வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் கசிந்துவிடும். குழம்பு வற்றினால் கெட்டியாகிற மாதிரி குழாய்க்குள் இருக்கும் ரத்தம் கெட்டியாகும். 40 என்பது 48ஐத் தொட்டால், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினால், கசிவு பலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இவருக்கு 51. இந்தக் கசிவு பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற சமயத்தில்தான் தொடங்கும். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் நீடிக்கும். ஆக, காய்ச்சல் விட்ட வியாழக்கிழமைதான் அவருக்கு ஆபத்து தொடங்கிய நாள். வாந்தியும் வயிற்று வலியும் அதன் அறிகுறிகள். சாற்றின் கசப்பு அவற்றுக்கு ஒரு சாக்கு கொடுத்துவிட்டது.

சரி, என்ன செய்தோம்? சலைன் ஏற்றினோம். அளந்து, மணிக்கு மணி நாடி பார்த்து, சிறுநீரை அளந்து ஏற்றினோம். அவ்வளவுதான். சனிக்கிழமை காலை பிசிவி 42க்கு இறங்கியது. கை கால் சூடாக இருந்தது, இட்லி கேட்டார். அன்றைக்கு பிளேட்லெட் எவ்வளவு தெரியுமா? 22,000. முந்தைய நாளைவிடக் குறைவு. ஆள் பிழைத்துத் தெளிந்துவிட்டார், பிளேட்லெட் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

வெளியே சொந்தக்காரர்கள் பிளேட்லெட் பை ஏற்றுங்கள் என்று சத்தம் போட்டார்கள். ரத்தக்கசிவு எதுவும் இல்லாததால் ஏற்றவில்லை. அன்று ராத்திரி அவருடைய அம்மா பிளாஸ்க்கில் பப்பாளிச் சாறு கொண்டுவந்து எங்களுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை 41,000. திங்கள்கிழமை 88,000. ‘பார்த்தீங்களா டாக்டர்’ என்றார் அந்த அம்மாள்.

நான் என்ன பார்த்தேன் என்பதைச் சொல்கிறேன். டெங்குக் கிருமி எலும்பு மஜ்ஜையைக் கொஞ்ச நாள் முடக்கிப் போடுகிறது. இருக்கிற தட்டணுக்களையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சேர்த்து அழிக்கிறது. மூன்றாம் நான்காம் நாளில் கணக்கு இறங்கத் தொடங்கி, ஆறாம் நாளை ஒட்டி அடிமட்டத்துக்குப் போகும். கிருமி ஒழிந்ததும் மஜ்ஜை விழித்துக்கொள்ளும். எட்டாம் ஒன்பதாம் நாளில் கணக்கு மடமடவென்று ஏறும். சாறு குடித்தவருக்கும் ஏறும், குடிக்காதவருக்கும் ஏறும். நம் ஆட்கள் சாற்றைக் கையில் எடுப்பது கணக்கு பயமுறுத்துகிற அளவுக்கு இறங்கிய பிறகு, அதாவது ஐந்தாம் ஆறாம் நாளில். ஏறப்போகிற நேரம் பார்த்து எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும்.

அப்படியானால் சாறு வெறும் நம்பிக்கைதானா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. 2011இல் பாகிஸ்தானில் ஒரே ஒரு நோயாளிக்கு இலைச் சாறு கொடுத்து, ஐந்து நாளில் தட்டணுக்கள் 55,000த்திலிருந்து 1,68,000க்கு ஏறியது என்று ஒரு கட்டுரை வந்தது. இப்போது நான் சொன்ன காரணத்தால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. கவனிக்க வேண்டியது 2013இல் வெளியான மலேசிய ஆய்வு. 228 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு 50 கிராம் இலையின் சாறு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, தினம் ஒரு வேளை, மூன்று நாள். மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சாறு குடித்தவர்களுக்கு இரண்டாம் நாள் வாக்கில் பிளேட்லெட் கூடுதலாக ஏறியிருந்தது. இந்தியாவிலும் இலைச் சத்து மாத்திரையை வைத்துச் சில ஆய்வுகள் நடந்து, அதே திசையில் முடிவு வந்திருக்கிறது. ஆகவே எண் சற்றுச் சீக்கிரம் ஏறக்கூடும் என்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு என்று நான் ஒப்புக்கொள்வேன்.

மலேசிய ஆய்வில் சாறு யார் குடிக்கிறார், யார் குடிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபாதிக்குக் கசப்பாக வேறொரு பச்சைச் சாறு கொடுத்து ஒப்பிடவில்லை. அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களை அதில் சேர்க்கவும் இல்லை. இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். பிளாஸ்மா கசிவை இந்தச் சாறு குறைக்கும், உயிரைக் காப்பாற்றும் என்று இதுவரை எந்த ஆய்வும் காட்டவில்லை. நம் டிராக்டர்காரரைச் சாய்க்கப் பார்த்தது கசிவுதான், பிளேட்லெட் குறைவு அல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் சேர்ந்த 372 பெரியவர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எல்லோருக்கும் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே, ஆனால் ரத்தக்கசிவு இல்லை. பாதிப் பேருக்குத் தட்டணுக்களையே நேரடியாக ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவு ஏற்படுவதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஏற்றியவர்களுக்குத்தான் ஒவ்வாமை போன்ற தொந்தரவுகள் கூடுதல். நரம்பு வழியாக தட்டணுவையே ஏற்றியும் அந்த எண்ணைத் துரத்துவதில் பெரிய லாபம் இல்லை என்றால், இலைச் சாற்றை வைத்துத் துரத்துவதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒரு விஷயம். பிளேட்லெட் எண்ணே அவ்வளவு நம்பகமானது அல்ல. சோதனைக் குழாயில் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டால் மெஷின் குறைத்து எண்ணும். காலையில் ஒரு லேபில் 40,000, மத்தியானம் இன்னொரு லேபில் 55,000 என்றால், நடுவில் குடித்த சாறுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் சிலர் குடிக்கத்தான் போகிறார்கள். அடுப்படிக்குள் வந்து நான் தடுக்க முடியாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்பேன், அவர்களுக்கு ஒரு வாந்தியே பெரிய நஷ்டம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு, காய்ச்சலில் சாப்பாடும் குறைந்திருக்கும்போது, சர்க்கரை இன்னும் இறங்கிவிடலாம். இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பப்பாளிப் பால் பட்டால் தடிப்பு வருபவர்கள் தொடக்கூடாது. ஏற்கெனவே வாந்தி இருக்கிற யாருக்கும் கொடுக்காதீர்கள். மற்ற பெரியவர்கள் குடித்தால், வெறும் வயிற்றில் வேண்டாம், டம்ளர் டம்ளராக வேண்டாம், குடித்ததை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். அப்புறம், சாறு குடித்த பிறகு வாந்தி வந்தால் அது சாற்றினால் வந்தது என்று வீட்டிலேயே தீர்ப்பு சொல்லாதீர்கள். அது டெங்குவின் வாந்தி என்று வைத்துக்கொண்டு கிளம்பி வாருங்கள்.

காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் வரைக்கும் பார்க்க வேண்டியவை: விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, சில்லிட்ட கை கால், காரணமில்லாத சோர்வு அல்லது பதற்றம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருப்பது. இதில் ஒன்று இருந்தாலும், பிளேட்லெட் ஒரு லட்சம் இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். ரிப்போர்ட் வாங்கியதும் பிளேட்லெட்டுக்கு ஒரு வட்டம் போட்டால் பிசிவிக்கும் ஒரு வட்டம் போடுங்கள். முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க எல்லா ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

டிராக்டர்காரர் பத்து நாள் கழித்து அம்மாவோடு வந்தார். பிளேட்லெட் இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்தது. நான் மேலே சொன்னதையெல்லாம் அந்த அம்மாளிடம் பொறுமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, ‘சரிங்க டாக்டர், இனிமே காய்ச்சல் விட்ட அன்னைக்கே அழைச்சிட்டு வந்துடுறேன்’ என்றார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி, ‘சாறையும் கொண்டாந்துடுறேன்’ என்றார்.

வணக்கம்.