எஃப்ஓபியா, சிஐஎஃப்பா? கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் யார் கட்டுறதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

வணக்கங்க எல்லாருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் சின்னதா காயர் பித், அதான் தென்னை நார்க்கழிவு, யூனிட் நடத்துற ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். நெதர்லாந்துல ஒரு பையர் கெடச்சிருக்கார், அஞ்சு கிலோ பிளாக், ஒரு 40 அடி ஹை கியூப் கன்டெய்னர், 24 டன், தூத்துக்குடியில இருந்து ராட்டர்டாம் போகணும். தம்பி எஃப்ஓபி ரேட், அதாவது தூத்துக்குடியில கப்பல்ல ஏத்துற வரைக்கும் உள்ள வெல, குடுத்திருக்கார், பையர் கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேத்து சிஐஎஃப் குடுங்கன்னு கேக்குறார். "அண்ணா, சிஐஎஃப்னு ஒத்துக்கிட்டா ராட்டர்டாம் போய்ச் சேர்ற வரைக்கும் சரக்கு என் பொறுப்புதானே, நடுக்கடல்ல ஏதாச்சும் ஆச்சுன்னா என் தலையில தானே விழும்?"னு கேட்டிருக்கார். நெறைய பேர் இதே பயத்துல தான் இருக்காங்க, அதனால இன்னைக்கு இத மட்டும் பேசலாம்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். எஃப்ஓபியோ சிஐஎஃப்போ, ரிஸ்க் கைமாறுற இடம் ஒண்ணு தான். சரக்கு தூத்துக்குடியில கப்பல் மேல ஏறின அந்த நிமிஷம், அதுக்கப்புறம் சேதம் ஆனா அது பையரோட நஷ்டம். சிஐஎஃப்ல நீங்க கூடுதலா செய்றது ரெண்டே விஷயம், ராட்டர்டாம் வரைக்கும் கப்பல் வாடகை கட்டுறீங்க, பையர் பேருக்கு ஆகுற மாதிரி ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக் குடுக்குறீங்க, அவ்ளோ தான். செலவு ராட்டர்டாம் வரைக்கும் உங்களோடது, ரிஸ்க் தூத்துக்குடியோட முடிஞ்சுது. இன்னொன்னு, தூத்துக்குடியில இருந்து பெரும்பாலும் ஃபீடர் கப்பல்ல கொழும்பு போய் அங்க தான் பெரிய கப்பலுக்கு மாத்துவாங்க இல்லீங்களா, கான்ட்ராக்ட்ல வேற எதுவும் எழுதலன்னா தூத்துக்குடியில ஃபீடர்ல ஏறினப்பவே ரிஸ்க் பையர்கிட்ட போயிடும், கொழும்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

2025 மே மாசம் கேரளா கடல்ல எம்எஸ்சி எல்சா 3னு ஒரு கப்பல் 600க்கும் மேல கன்டெய்னரோட மூழ்கிச்சே, அந்த மாதிரி ஒரு கப்பல்ல உங்க சரக்கு இருந்திருந்தாலும், ரெண்டு டெர்ம்லயும் சட்டப்படி பையர் உங்களுக்குப் பணம் தரணும். சட்டப்படின்னு சொல்றேன், இதுக்கு அப்புறம் வர்றேன், ஏன்னா பணம் இன்னும் வராதப்போ சட்டம் மட்டும் கைல இருந்து என்ன செய்றது.

சரி கணக்கு போடலாம். நான் சொல்ற ரேட் எல்லாம் கணக்குக்காக வச்சுக்குறது, உங்க ரேட்ட நீங்க போட்டுக்கோங்க. டன் 220 டாலர் எஃப்ஓபின்னா 24 டன்னுக்கு 5,280. இதுக்குள்ள பொள்ளாச்சி டூ தூத்துக்குடி லாரி, கஸ்டம்ஸ் ஏஜென்டான சிஎச்ஏவோட சார்ஜ், நம்ம போர்ட்டோட டெர்மினல் ஹேண்ட்லிங், கப்பல் கம்பெனி தர்ற பில் ஆஃப் லேடிங்குக்கான சார்ஜ் எல்லாம் அடங்கியிருக்கணும், எஃப்ஓபின்னா கப்பல்ல ஏத்துற வரைக்கும் எல்லாச் செலவும் உங்களோடது. கப்பல் வாடகை 1,800ன்னு வைங்க, கூட்டினா 7,080. இன்சூரன்ஸ சிஐஎஃப் மதிப்புல 110 சதவீதத்துக்கு எடுக்கணும், அந்த 10 சதவீதம் பையரோட எதிர்பார்க்கிற லாபத்துக்கு. பிரீமியம் 0.2 சதவீதம்னா வர்றது 16 டாலர் தாங்க. மொத்தம் 7,096, நீங்க 7,100ன்னு கோட் பண்ணுவீங்க.

இப்ப பாருங்க, இன்சூரன்ஸ் 16 டாலர், வாடகை 1,800. எல்லாரும் இன்சூரன்ஸ நெனச்சு பயப்படுறாங்க, ஆனா கைய சுடுறது வாடகை. காயர் பித் மாதிரி வெய்ட்டு ஜாஸ்தி வெல கம்மின்னு இருக்குற சரக்குல வாடகை மட்டும் எஃப்ஓபி வெலயில மூணுல ஒரு பங்கு. 2023 டிசம்பர்ல செங்கடல் பிரச்சனை வந்து கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவச் சுத்திப் போக ஆரம்பிச்சப்போ ஐரோப்பா வாடகை எப்படி ஏறுச்சுன்னு இந்த லைன்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும். நீங்க 1,800 போட்டு கோட் பண்ணிட்டீங்க, ஆர்டர் கன்ஃபர்ம் ஆகி பிளாக் காய்ஞ்சு பேலட் போட்டு புக்கிங் பண்ணும்போது அது 2,600 ஆயிடுச்சுன்னா, அந்த 800 டாலர் உங்க கைக்காசு, லோடுல நிக்கிற லாபமே 500 தான்னா யோசிச்சுக்கோங்க. பையர்கிட்ட அப்புறமா போய் கேக்க முடியாது, ஏன்னா நீங்க ஒத்துக்கிட்டது சிஐஎஃப் வெல.

அதனால சிஐஎஃப் கோட் பண்றப்போ, கப்பல்ல இடம் புக் பண்ணித் தர்ற ஃபார்வர்டர்கிட்ட வாங்குற ரேட்ல வேலிடிட்டி தேதி என்ன, அந்த ரேட்ல எந்தெந்த சர்சார்ஜ் சேந்திருக்கு, எது தனியா வரும்னு எழுத்துல வாங்கிட்டு, அதே தேதிய உங்க கோட்டேஷன்லயும் போடுங்க. தேதிக்கப்புறம் வாடகை ஏறினா வித்தியாசம் பையர் கணக்குன்னு ஒரு வரி. புது பையர் கூட இதுக்குப் பெரும்பாலும் ஒத்துக்குவாங்க, எஃப்ஓபி வெலையும் வாடகையும் தனித்தனியா காட்டினீங்கன்னா இன்னும் சுலபமா ஒத்துக்குவாங்க. எப்படியும் கஸ்டம்ஸுக்குக் குடுக்குற ஷிப்பிங் பில்ல எஃப்ஓபி மதிப்ப வாடகை, இன்சூரன்ஸ் கழிச்சுத் தனியா காட்டித்தான் ஆகணும், ரோடெப்னு அரசாங்கம் தர்ற ஏற்றுமதி சலுகை கெடைக்கிறதும் எஃப்ஓபி மேல தான், அதனால சிஐஎஃப்னு பெரிய நம்பர் போட்டா சலுகை கூடும்னு யாரும் நெனைக்காதீங்க.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்க தான் பையர் கூட சண்டை வரும். சிஐஎஃப்ல நீங்க எடுத்துத் தர வேண்டிய குறைஞ்சபட்ச கவர், இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ்ங்கற இன்சூரன்ஸ் ஷரத்துகள்ல சி. அது ரொம்பச் சின்ன கவர். கப்பல் மூழ்கினா, தரை தட்டினா, தீப்பிடிச்சா, மோதினா கெடைக்கும், லாரி கவுந்தாலும் கெடைக்கும், கப்பலக் காப்பாத்த ஆன நஷ்டத்த எல்லாரும் பங்கு போட்டுக்குற ஜெனரல் ஆவரேஜ் வந்தாலும் கெடைக்கும். ஆனா திருட்டுக்கு இல்ல, மழைத்தண்ணி கன்டெய்னருக்குள்ள எறங்குனா இல்ல, கடல்தண்ணி உள்ள வந்தாலும் இல்ல, அலையில கன்டெய்னர் சரிஞ்சு கடல்ல விழுந்தா கூட சியில இல்லீங்க! காயர் பித்துக்கு என்ன ஆகும், தண்ணி தான் எதிரி. கூரையில ஒரு ஆணி ஓட்டை இருந்தா போதும், பிளாக் அப்படியே ஊதி பேலட்டோட கன்டெய்னர் சுவத்துல இறுகிடும், ராட்டர்டாம்ல போர்க்லிஃப்ட் வச்சு எடுக்க முடியாது. பையர் கிளெய்ம் போடுவார், இன்சூரன்ஸ் கம்பெனி சியில இது வராதுன்னு சொல்லும், உடனே பையர் உங்களுக்கு அடுத்த பேமெண்ட்ட நிறுத்துவார்.

அதனால என் முடிவு, சிஐஎஃப்னா அதே ஷரத்துகள்ல பெரிய கவரான ஏ கவர் எடுங்க. சி கவருக்கும் ஏ கவருக்கும் பிரீமியத்துல வர்ற வித்தியாசம் 7,000 டாலர் இன்வாய்ஸ்ல ரொம்பச் சின்னத் தொகை. போர் ஆபத்தும் ஸ்ட்ரைக்கும் ஏயில கூட இல்ல, அது தனி ஷரத்து, அதையும் கேட்டுச் சேருங்க. ஆனா ஏ எடுத்தா எல்லாமே கவர்னு நெனைக்கக் கூடாது, பித்தோட சொந்த ஈரத்துனால பூஞ்சை வந்தா அது சரக்கோட குணம்னு தள்ளிடுவாங்க, கப்பல் லேட்டான நஷ்டமும் கெடைக்காது. லோடிங் முன்னாடி ஒரு ஆள கன்டெய்னருக்குள்ள விட்டு ரெண்டு கதவையும் சாத்திட்டு எங்கயாச்சும் வெளிச்சம் புள்ளியா தெரியுதான்னு பாக்கச் சொல்லுங்க, தெரிஞ்சா அந்த கன்டெய்னர திருப்பி அனுப்பிடுங்க. அது எந்த பாலிசியும் செய்யாத வேல.

அப்படின்னா எஃப்ஓபியே சேஃப்டி தானேன்னு கேப்பீங்க. முழுசா இல்ல. எஃப்ஓபியில பையர் தான் கப்பல் புக் பண்றார், அவர் சொல்ற ஃபார்வர்டர்கிட்ட தான் நீங்க சரக்கக் குடுக்கணும். அந்த ஃபார்வர்டருக்கு கஸ்டமர் பையர் தான், நீங்க இல்ல. இங்க உள்ள லோக்கல் சார்ஜ அவர் போடுற ரேட்டுக்கு தான் கட்டணும், அதனால ஆர்டர் எடுக்குறதுக்கு முன்னாடியே அந்த ஃபார்வர்டர்கிட்ட சார்ஜ் லிஸ்ட்ட எழுத்துல வாங்கி எஃப்ஓபி வெலயில ஏத்திக்கோங்க. அதவிட முக்கியம் டாக்குமெண்ட். சில பேர் ஃபார்வர்டர்ஸ் கார்கோ ரெசிப்ட்னு ஒண்ண தருவாங்க, அது சரக்கோட உரிமைய காட்டுற டாக்குமெண்ட் கிடையாது. மீதி பணம் வர்ற வரைக்கும் உங்க பிடி ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் தான், அத கைல வாங்காம பாதிப் பணத்துல சரக்க விட்டுடாதீங்க.

இன்னொரு ஓட்டை, பொள்ளாச்சி குடோன்ல இருந்து தூத்துக்குடி கப்பல் வரைக்கும். எஃப்ஓபியில பையரோட பாலிசி கப்பல்ல ஏறினதுல இருந்து தான் அவருக்கு வேலை செய்யும். லாரி கவுந்தாலோ, போர்ட் பக்கத்துல கன்டெய்னர் வைக்கிற சிஎஃப்எஸ் யார்டுல நாலு நாள் கெடக்கும்போது மழையில நனைஞ்சாலோ அது உங்க நஷ்டம், உங்களுக்கு பாலிசியே கிடையாது. சிஐஎஃப்ல நீங்க எடுக்குற பாலிசி சாதாரணமா குடோன் டூ குடோன், சரக்க லாரியில ஏத்த நகத்துறப்பவே ஆரம்பிச்சுடும், ஆனா சரக்கு கெளம்பறதுக்கு முன்னாடி பாலிசி எடுத்திருக்கணும், பேங்க் தர்ற எல்சி, அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட் மூலமா பணம்னா பாலிசி தேதி பில் ஆஃப் லேடிங்ல இருக்குற ஷிப்மென்ட் தேதிக்குப் பிந்தினதா இருக்கக் கூடாது, இல்லன்னா பேங்க் திருப்பிடும். எஃப்ஓபி போறவங்க இந்த உள்நாட்டு தூரத்துக்குன்னு தனியா ஒண்ணு எடுத்துக்கோங்க.

முன்னாடி விட்ட இடத்துக்கு வர்றேன். சரக்கு கடல்ல போச்சு, பையர் இன்னும் பணம் தரல, இன்சூரன்ஸும் எடுக்காம விட்டிருக்கார், எஃப்ஓபி, சட்டப்படி அவர் தரணும், ஆனா தரமாட்டேன்னு போன் எடுக்காம இருக்கார். இதுக்குத்தான் செல்லர்ஸ் கன்டின்ஜென்சின்னு ஒரு கவர் இருக்கு, கிரெடிட்ல எஃப்ஓபி அனுப்புறவங்க இன்சூரன்ஸ் புரோக்கர்கிட்ட கேளுங்க. ஏற்றுமதி கடனுக்குக் காப்பீடு தர்ற அரசு நிறுவனம் ஈசிஜிசி இருக்கேன்னு சொல்லாதீங்க, அது பையர் பணம் தராததுக்கு, சரக்கு கெட்டதுக்கு இல்ல.

கன்டெய்னர் சரக்குக்கு உண்மையில எஃப்ஓபிக்குப் பதிலா எஃப்சிஏ, சிஐஎஃப்புக்குப் பதிலா சிஐபி தான் சரியான டெர்ம். கன்டெய்னர யார்டுல ஒப்படைச்சுட்டு வந்துடுறோம், அது கப்பல்ல ஏர்றத நாம பாக்குறதே இல்ல, ஆனா எஃப்ஓபி, சிஐஎஃப்ல ஏத்துற வரைக்கும் ரிஸ்க் நம்ம மேல கெடக்கும், எஃப்சிஏன்னா ஒப்படைச்ச எடத்துலயே முடிஞ்சுடும். சிஐபின்னா ஏ கவர் கட்டாயம். பையர் ஒத்துக்கிட்டா கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் பழக்கத்துல எஃப்ஓபி, சிஐஎஃப் தான் கேப்பாங்க.

தம்பிக்கு என்னோட பதில், சிஐஎஃப் ஒத்துக்கோங்க. ஒரே கன்டெய்னர், புது பையர், வாடகைய நீங்க கட்டுனா கப்பலும் ஃபார்வர்டரும் உங்க கைல, பில் ஆஃப் லேடிங்கும் உங்க கைல. வாடகை நாளுக்கு நாள் ஏறிட்டு இருக்குற நேரம்னா, இல்ல பையர் வருஷ கான்ட்ராக்ட்ல உங்கள விட கம்மியா ரேட் வச்சிருக்கார்னா மட்டும் எஃப்ஓபி. கோட்டேஷன்ல வெறும் சிஐஎஃப்னு எழுதாதீங்க, எஃப்ஓபின்னா ஏத்துற போர்ட், சிஐஎஃப்னா எறங்குற போர்ட், கூடவே எந்த வருஷ இன்கோடெர்ம்ஸ் ரூல்னும் வரணும், ஸ்க்ரீன்ல போட்டிருக்கேன் இத அப்படியே எழுதுங்க:

```
USD 7,100 CIF Rotterdam, Incoterms 2020
```

இதுக்குக் கீழ வாடகை வேலிடிட்டி தேதி, ஏ கவர்ங்கறது, ராட்டர்டாம் டெர்மினல் சார்ஜும் இறக்குமதி டியூட்டியும் பையரோடதுங்கறது, இந்த மூணையும் தனித்தனி வரியா போட்டு பையர்கிட்ட மெயில்ல ஓகே வாங்கிட்டு அப்புறமா புக்கிங் போடுங்க.