குழந்தைகளோடு துணியில் பரிசு கட்டலாம்: முடிச்சுதான் விஷயம்

வணக்கம்! இன்று ஒரு பரிசுப் பெட்டியைத் துணியில் கட்டப் போகிறோம். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருக்கிறாள், கை மட்டும்தான் தெரியும்.

பளபளக்கும் பரிசுத்தாளைக் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடி இருக்காமல் திரும்ப விரிந்தால் அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, பழைய பேப்பரோடு போட முடியாது. அதனால்தான் துணி.

முதலில் அளவு. இங்கேதான் பலரும் சொதப்புவார்கள், முடிச்சுப் போடத் துணி பத்தாது. இந்தப் பெட்டி 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம். நீளவாட்டில் ஒரு நூலைச் சுற்றச் சொன்னேன். 52 வருகிறது. முடிச்சுக்கு இன்னும் 25 சேர்த்தால் 77. துணியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இவ்வளவு வேண்டும். அதாவது 55 செ.மீ. சதுரம். பழைய தலையணை உறையைப் பிரித்தாலே கிடைத்துவிடும். மெல்லிய பருத்தி நல்லது. பட்டு வழுக்கும், தடித்த துணியில் முடிச்சு இறுகாது.

இப்போது துணியின் ஒரு மூலை நம்மைப் பார்க்கட்டும். பெட்டியை நடுவில் நேராக வையுங்கள். கீழ்மூலையைப் பெட்டிக்கு மேல் மடியுங்கள், பிறகு மேல்மூலையை. மிச்சம் இரண்டு பக்க மூலைகள். அவற்றை நடுவில் கொண்டுவந்து, இரண்டு தடவை சுற்றி முடிச்சு.

குழந்தைகள் இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிடுவார்கள். பார்த்தவுடன் தெரியும்: நுனிகள் பக்கவாட்டில் படுக்காமல் மேலும் கீழுமாக நீட்டிக்கொண்டிருக்கும். அது கொஞ்ச நேரத்தில் நழுவும். வலது இடது என்று சொன்னால் குழம்பும், அதனால் ஒரு நுனியில் துணி கிளிப் மாட்டிவிடுகிறேன். முதல் சுற்றில் கிளிப் நுனி மேலே. இரண்டாவதிலும் அதே கிளிப் நுனிதான் மேலே. இதோ, படுத்துவிட்டது பாருங்கள்!

அவிழ்ப்பதும் எளிது. ஒரு நுனியைப் பிடித்து, அது படுத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வெடுக்கென்று இழுங்கள். அந்தப் பக்கத் துணி நேராகிவிடும், மற்றதை உருவிவிடலாம். மகளுக்கு இதுதான் பிடித்த வேலை, கட்டுவதைவிட அவிழ்ப்பதில்தான் ஆர்வம்.

செய்தித்தாள்? புத்தகம் மாதிரி தட்டையான பொருளுக்குச் சரி. ஆனால் மை கையில் ஒட்டும், வெளிர்நிறப் பொருளில் கறையாகும், கூர்மையான மூலையில் கிழியும். இரண்டு தாளாக வைத்து, செல்லோடேப்புக்குப் பதில் நூல் கட்டுங்கள். பலகாரத்தில் நேரடியாகச் சுற்ற வேண்டாம். கையால் செய்த தாள் தடிமன், பெட்டி மூலையில் மடங்க மறுக்கும். எனக்கு அது நடுவில் ஒரு பட்டையாகவோ பெயர்ச்சீட்டாகவோ போதும்.

இந்தச் சீட்டில் மகள் முடிச்சு அவிழ்க்கும் படம் வரைகிறாள். பக்கத்தில் 'துணி உங்களுக்கே' என்றும் எழுதச் சொன்னேன். இல்லாவிட்டால் திருப்பித் தரணுமோ என்று பரிசு வாங்குபவர்கள் யோசிப்பார்கள்.